விட்டு விட்டு வயித்து வலி, நிக்காத வாந்தி, காத்தும் பிரியல: இதை ஏன் குடல் அடைப்புன்னு சந்தேகப்படுறாங்க?

கேள்வி: "அம்மாவுக்கு 52 வயசு. நேத்து சாயங்காலத்துல இருந்து வயிறு விட்டு விட்டு முறுக்கி வலிக்குது, எது குடிச்சாலும் வாந்தி, வெளிக்கும் போகல காத்தும் பிரியல. பக்கத்து கிளினிக் டாக்டர் கைய வச்சு பாத்துட்டு குடல் அடைப்பா இருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்கன்றார். பெரியப்பா இது வெறும் வாயுதான், ஓமவாட்டர் குடுத்தா சரியாயிடும்னு சொல்றார். ஸ்கேன் எதுவும் எடுக்காமலே டாக்டர் எப்படி அப்படி சொல்றார்?"

பதில்:

முதல்ல அம்மாவ கூட்டிட்டு கிளம்புங்க, மீதிய வண்டியில உக்காந்து படிங்க. வாய் வழியா இனிமே எதுவும் வேணாம், தண்ணி, ஓமவாட்டர், கஷாயம், மாத்திரை எதுவுமே. கிளினிக் டாக்டர் சொன்னது சரியான பேச்சு. நான் பொது அறுவை சிகிச்சை பிரிவுல வேலை பாக்குறவன், நீங்க எழுதியிருக்கிற இந்த மூணு விஷயமும் ஒரே ஆளுக்கு சேர்ந்து வந்தா வேற ஒண்ணு நிரூபணம் ஆகுற வரைக்கும் அத குடல் அடைப்புன்னு வச்சுத்தான் நாங்க ஆரம்பிப்போம்.

ஏன்னா இந்த மூணும் தனித்தனி தொந்தரவு கிடையாது, ஒரே சம்பவத்தோட மூணு பக்கம்.

வலியில இருந்து வரேன். நம்ம குடல் சும்மா கிடக்குற குழாய் இல்ல, அதோட சுவர்ல தசை இருக்கு, அது மேல இருந்து கீழ வரிசையா சுருங்கி சுருங்கி உள்ள இருக்கறத முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும். சாதாரணமா இது நமக்கு தெரியவே தெரியாது. கீழ எங்கயோ வழி அடைஞ்சு போச்சுன்னு வைங்க, குடல் விட்டுக்குடுக்காது, இன்னும் பலமா தள்ளும். தள்ளுற நேரத்துல அடைப்புக்கு மேல உள்ள பகுதி விரிஞ்சு இழுபடும், அந்த இழுபடுறதுதான் வலி. (குடல வெட்டினாலோ சுட்டாலோ கூட அதுக்கு வலி தெரியாது, ஆனா இழுத்தா நல்லா தெரியும்.) அந்த சுருக்கம் ஓய்ஞ்சதும் வலியும் இறங்கிடும், கொஞ்ச நேரத்துல அடுத்தது கிளம்பும். சிறுகுடல் அடைப்புல பெரும்பாலும் நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா இப்படி வரும், அடைப்பு கீழ போகப்போக இடைவெளி கூடும். வலி தொப்புள சுத்தி வரும், விரல் வச்சு இந்த இடம்தான்னு காட்ட முடியாது, உள்ளங்கைய வச்சு வட்டமா தடவித்தான் காட்டுவாங்க.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. நடுவுல வலி இறங்குற அந்த ரெண்டு மூணு நிமிஷம் ஆள் நல்லாத்தான் இருப்பாங்க, பேசுவாங்க, எழுந்து நடப்பாங்க, வீட்ல உள்ளவங்க சரி விட்டுடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க, அப்புறம் மறுபடி சுருட்டிப் பிடிக்கும். அதனாலதான் நாங்க நோயாளி பக்கத்துல அஞ்சு பத்து நிமிஷம் சும்மா நின்னு பாப்போம். முகம் சுளிக்கிற அதே நேரத்துல வயித்துல ஸ்டெத் வச்சா கடகடன்னு ஓடுற சத்தம், சில சமயம் கிணுகிணுன்னு மெல்லிய சத்தம் கேக்கும், வலியும் சத்தமும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும். ஒல்லியான ஆளா இருந்தா வயித்து தோலுக்கு அடியில குடல் நெளியறதே கண்ணுக்கு தெரியும். உங்க டாக்டர் ஸ்கேன் இல்லாம சொன்னார்னா அவர் கையும் காதும் இதத்தான் பாத்திருக்கும்.

அடுத்து வாந்தி. எல்லாரும் கேக்குறது, அவங்க ஒண்ணுமே சாப்பிடலையே, எங்க இருந்து இவ்வளவு வருதுன்னு. சாப்பாடு இதுல ரொம்ப சின்ன பங்குதான். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரக்குற நீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் நம்ம உடம்பே குடலுக்குள்ள ஊத்துது. நல்லா இருக்கும்போது அதுல பெரும்பகுதிய சிறுகுடலே உறிஞ்சி ரத்தத்துக்கு திருப்பி அனுப்பிடும், ஒண்ணு ஒண்ணரை லிட்டர்தான் பெருங்குடல் வரைக்கும் போகும். வழி அடைஞ்சா இந்த தண்ணி மேலயே தேங்கும், விரிஞ்ச குடலால முன்ன மாதிரி உறிஞ்சவும் முடியாது, அதுக்கு மேல சுவர்ல இருந்து இன்னும் தண்ணி உள்ள கசியும். தேங்கினது எந்தப் பக்கம் போகும்? மேலதான் வரணும்.

அதனால வாந்தியோட நிறத்த கவனிச்சு வச்சுக்கோங்க, எங்களுக்கு ரொம்ப உதவும். முதல்ல சாப்பிட்டது வரும், அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை, அது பித்தநீர். நேரம் போனா பழுப்பு நிறத்துல மலம் மாதிரி நாத்தம் அடிக்கும். அது நிஜமா மலம் இல்ல, நகராம தேங்கின தண்ணியில கிருமி பெருகிப் போச்சுன்னு அர்த்தம், அதாவது அடைப்பு கொஞ்சம் கீழ இருக்கு, நேரமும் ஆயிடுச்சு. அடைப்பு சிறுகுடலோட மேல்பகுதியில இருந்தா வாந்தி சீக்கிரமே நிறைய வரும், வயிறு பெருசா உப்பாது. கீழ்ப்பகுதியில இருந்தா வயிறு நல்லா உப்பும், வாந்தி கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கும். பெருங்குடல்ல அடைப்புன்னா ரெண்டு மூணு நாள் வாந்தியே இல்லாம வயிறு மட்டும் பானை மாதிரி ஆகுறவங்களும் உண்டு.

மூணாவதுதான் நிறைய பேரு ஏமாறுற இடம். அடைப்புன்னா வெளிக்கே போகாதுன்னு நினைச்சுக்கிட்டு, காலையில கொஞ்சம் போச்சே அப்ப அடைப்பு இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. அடைப்புக்கு கீழ ஏற்கனவே இருந்த மலம் எங்க போகும், அது ஒரு தடவையோ ரெண்டு தடவையோ வெளிய வரத்தான் செய்யும். எனிமா குடுத்தாலும் கொஞ்சம் வரும், வந்ததும் வீட்ல எல்லாருக்கும் நிம்மதி, ஆனா மேல எதுவும் மாறியிருக்காது. அதுக்காகத்தான் மலத்த விட காத்த பத்தி துருவித் துருவி கேப்போம். குடல்ல இருக்குற காத்துல நாம முழுங்குற காத்துக்கு பெரிய பங்கு, அதுல பாதிக்கு மேல நைட்ரஜன், குடல் அத சரியா உறிஞ்சாது, ஒண்ணு மேல ஏப்பமா வரணும் இல்ல கீழ பிரியணும். வழி கொஞ்சம் திறந்திருந்தா கூட காத்து நுழைஞ்சு வந்துடும். காத்து சுத்தமா பிரியலன்னா முழு அடைப்பு, கொஞ்சம் கொஞ்சம் பிரியுதுன்னா பாதி அடைப்பா இருக்கலாம், வைத்தியத்துல இது பெரிய வித்தியாசம். கூச்சப்படாம அம்மாகிட்ட "கடைசியா எப்போ காத்து பிரிஞ்சது"ன்னு நேரம் கேட்டு வச்சுக்கோங்க, அங்க போனதும் முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

இப்போ பெரியப்பாவோட வாயு கணக்குக்கு வரேன். சாப்பாடு ஒத்துக்காம போனா வயிறு வலிக்கும், வாந்தியும் வரும், ஆனா அதுல குடல் வேகமா ஓடும், சில மணி நேரத்துல பேதி ஆரம்பிச்சிடும், காத்தும் நிறைய பிரியும். வெறும் வாயுன்னா ஏப்பம் விட்டோ காத்து பிரிஞ்சோ வலி அடங்கிடும், பச்சை வாந்தி எடுக்க வைக்காது. மலச்சிக்கல்ல ரெண்டு நாள் போகாம இருக்கலாம், காத்து பிரியும், வாந்தி நிக்காம வராது. கிட்னி கல் வலி இடுப்புப் பக்கவாட்டுல இருந்து கவட்டை வரைக்கும் பாயும். ஒவ்வொண்ணுலயும் இந்த மூணுல ஏதாவது ஒண்ணு பொருந்தாம போகும். ஆபரேஷன் ஆன நாலஞ்சு நாளுக்கோ பொட்டாசியம் குறைஞ்சோ குடல் வேலை நிறுத்தம் பண்றதும் உண்டு, அதுலயும் வயிறு உப்பும், காத்து பிரியாது, ஆனா அந்த அலை அலையான வலி இருக்காது, ஸ்டெத் வச்சா வயிறு அமைதியா இருக்கும்.

அடைக்கிறது எதுன்னா, பெரியவங்களுக்கு சிறுகுடல் அடைப்புக்கு ரொம்ப பொதுவான காரணம் பழைய ஆபரேஷன். கர்ப்பப்பை எடுத்தது, சிசேரியன், அப்பெண்டிக்ஸ், எதுவா இருந்தாலும் வயித்த திறந்த பிறகு உள்ள ஆறும்போது குடலும் குடலும், குடலும் வயித்துச் சுவரும் நார் நாரா ஒட்டிக்கும். அது பல வருஷம் சும்மா இருந்துட்டு ஒரு நாள் ஒரு வளைவ மடக்கிப் பிடிக்கும். ஆபரேஷன் ஆகி பத்து இருபது வருஷம் ஆச்சேன்னு ஒதுக்காதீங்க. ரெண்டாவது ஹெர்னியா. வயசான பெண்கள்ல தொடையும் கவட்டையும் சேர்ற இடத்துல நெல்லிக்காய் அளவுல ஒரு சின்ன கட்டி இருக்கும், வலிக்கக்கூட வலிக்காது, புடவைய விலக்கி பாத்தாத்தான் தெரியும், அதுக்குள்ள குடல் மாட்டியிருக்கும். எங்க யூனிட்ல பயிற்சி டாக்டர் யார் வந்தாலும், கவட்டை ரெண்டையும் பாக்காம குடல் அடைப்புன்னு கேஸ் ஷீட்ல எழுதக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். நம்ம ஊர்ல குடல் டிபி வந்து சுருங்கினதும் உண்டு, பெருங்குடல்ல புற்றுநோய், குடல் முறுக்கிக்கிறதும் உண்டு. குழந்தைங்க கதை வேற, ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள காலை மடக்கி மடக்கி விட்டு விட்டு அலறி வாந்தி எடுத்தா குடலுக்குள்ள குடல் சொருகிக்கிட்டதான்னு பாக்கணும், ஜெல்லி மாதிரி சிவப்பா போகுற வரைக்கும் காத்திருக்கவே கூடாது.

எப்படி போகும்னு புரியறதுக்கு ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாம சொல்றேன். 48 வயசு அம்மா, கர்ப்பப்பை எடுத்து அஞ்சு வருஷம் ஆச்சு, தொப்புளுக்கு கீழ நேர்க்கோட்டு தழும்பு. சனிக்கிழமை மதியம் கல்யாண வீட்டுச் சாப்பாடு, ராத்திரி ஏழு மணிக்கு தொப்புள சுத்தி முறுக்கல். சாப்பாடுதான் காரணம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஒன்பது மணிக்கு சோறா வாந்தி, பன்னெண்டு மணிக்கு பச்சையா. காலையில கெட்டியா கொஞ்சூண்டு வெளிக்கு போச்சு, அதோட சரி, காத்து பிரியல. குடல் ஏறியிருக்குன்னு ஒருத்தர் விளக்கெண்ணெய் போட்டு வயித்த நீவி விட்டிருக்கார், இன்னொரு இடத்துல வலிக்கும் வாந்திக்கும் ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ஊசி வேகத்துல ரெண்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சாங்க, மறுபடி அதே வலி. எங்ககிட்ட வந்தது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி.

நாக்கு காஞ்சு போய் இருந்துச்சு. நாடித்துடிப்பு 112, பிரஷர் 100க்கு 70, காலையில இருந்து ஒண்ணுக்கே போகல. வயிறு உப்பியிருந்துச்சு, ஆனா வலி இல்லாத நேரத்துல அமுக்கினா மெத்துன்னுதான் இருந்துச்சு, எந்த இடமும் குறிப்பா வலிக்கல. கவட்டையில கட்டி இல்ல. நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரேல விரிஞ்ச குடல் வளைவு ஒவ்வொண்ணுலயும் மேல காத்து, கீழ தண்ணி, நடுவுல நேர் கோடு, இப்படி கோடு கோடா படி ஏறின மாதிரி. பெருங்குடல்ல காத்தே இல்ல. சிறுகுடல் மூணு சென்டிமீட்டருக்கு மேல விரிஞ்சா அது விரிவுன்னு கணக்கு, இவங்களுக்கு நாலு இருந்துச்சு. சிடி ஸ்கேன்ல இடுப்புக்குள்ள ஒரு இடம் வரைக்கும் குடல் வீங்கி அதுக்கு அப்புறம் திடீர்னு சுருங்கிப் போய் இருந்தது. அங்க கட்டி ஒண்ணும் இல்ல, ஒட்டுதல்தான். குடல் சுவருக்கு ரத்தம் நல்லா போய்க்கிட்டிருந்துச்சு, அதுதான் எங்களுக்கு வேண்டிய சேதி.

மூக்கு வழியா இரைப்பைக்கு ட்யூப் போட்டோம், போட்ட உடனே ஒரு லிட்டருக்கு மேல பச்சையும் பழுப்புமா கொட்டுச்சு. வாந்தி அப்பவே நின்னு போச்சு, வலியும் பாதி குறைஞ்சது. இந்த ட்யூப்ப பாத்து பயப்படாதவங்க கிடையாது, ஆனா வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியா வராம காப்பாத்துறது இதுதான். கையில ரிங்கர் லாக்டேட் வேகமா ஏத்தினோம். ரெண்டு லிட்டர் போனதுக்கு அப்புறம் நாடி 90க்கு இறங்குச்சு, சிறுநீர் பைல சொட்டு விழ ஆரம்பிச்சது. இத நான் கவனிச்சு பாப்பேன். தண்ணி குடுத்ததும் நாடி இறங்குதுன்னா அது தண்ணி வத்தினதால வந்த வேகம், குடுத்தும் 110, 120லயே நிக்குதுன்னா உள்ள குடல் கருகுதோன்னு யோசிக்கணும். சிறுநீர் வந்த பிறகு ட்ரிப்ஸ்ல பொட்டாசியம் சேத்தோம், வாந்தியில அது நிறைய போயிருக்கும், அது குறைஞ்சா அடைப்பு விட்டாலும் குடல் அசையாது.

ராத்திரி முழுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வயித்த தொட்டுப் பாத்தோம், முடிஞ்சவரை அதே டாக்டர் கை. மறுநாள் காலையில ட்யூப் வழியா எக்ஸ்ரேல தெரியற காஸ்ட்ரோகிராஃபின் மருந்து 100 மில்லி உள்ள விட்டு ட்யூப்ப மூடி வச்சு, எட்டு மணி நேரம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தோம், மருந்து பெருங்குடலுக்கு வந்திருந்துச்சு. வந்துடுச்சுன்னா பெரும்பாலும் கத்தி இல்லாமலே விட்டுடும்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரி அவங்களுக்கு காத்து பிரிஞ்சது, விடியக்காலையில வெளிக்கும் போச்சு. ட்யூப்ப எடுத்துட்டு தண்ணி, அப்புறம் கஞ்சி, அப்புறம் இட்லின்னு மெல்ல ஏத்தினோம். மருந்து 24 மணி நேரம் ஆகியும் பெருங்குடலுக்கு வரல, இல்ல ரெண்டு மூணு நாள் ட்யூப்ல வச்சும் விடலன்னா ஆபரேஷன்தான் போயிருப்போம்.

காத்திருக்கக் கூடாத ஆள எப்படி தெரிஞ்சுக்கிறதுன்னா, வலியோட குணம் மாறும். விட்டு விட்டு வந்த வலி இடைவெளி இல்லாம நிலையா பிடிச்சுக்கும், தொட்டாலே வலிக்கும், வயிறு கல்லாட்டம் இறுகும், காய்ச்சல், நாடி வேகம். அங்க நடக்குறது என்னன்னா, முறுக்குன குடல்ல முதல்ல ரத்தம் வெளிய போற நாளம் அமுங்கும், ரத்தம் உள்ள வந்துக்கிட்டே இருக்கும் வெளிய போகாது, சுவர் வீங்கி வீங்கி கடைசியில உள்ள வர்றதும் நின்னு போகும், அப்புறம் சில மணி நேரத்துல குடல் கருத்துடும், ஓட்டை விழும். அப்ப எவ்வளவு சீக்கிரம் வயித்த திறக்குறோமோ அவ்வளவு குடல் மிஞ்சும். ஹெர்னியா மாட்டி வந்தவங்களுக்கும், குடல் முறுக்கிக்கிட்டவங்களுக்கும் இப்படி ஆக வாய்ப்பு அதிகம். இத விட மோசமா ஏமாத்துறது ஒண்ணு இருக்கு: வலி திடீர்னு நின்னுடும், ஆனா காத்து பிரிஞ்சிருக்காது, வயிறு உப்பினபடியே இருக்கும், ஆள் வாடிப் போயிருப்பாங்க. அடைப்பு விட்டதால வலி நின்னா காத்து கண்டிப்பா பிரிஞ்சிருக்கணும். காத்து பிரியாம வலி மட்டும் நின்னா குடல் சோர்ந்து போச்சு, இல்ல ஓட்டை விழுந்துடுச்சு.

அதனால விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்க, மூடின வழிய நோக்கி குடல இன்னும் வேகமா தள்ள வைக்கிற வேலை அது. நீவி விடவும் கூடாது, விரிஞ்ச குடலோட சுவர் மெலிஞ்சு இருக்கும். அம்மாவுக்கு முன்னாடி என்ன ஆபரேஷன் ஆச்சு, சர்க்கரை பிரஷர் மாத்திரை என்னென்ன, ரத்தம் இளக மாத்திரை ஏதாவது இருக்கா, கடைசியா எப்போ சாப்பிட்டாங்க, எப்போ ஒண்ணுக்கு போனாங்க, இத எல்லாம் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு போங்க. போற ஆஸ்பத்திரியில சர்ஜனும் சிடியும் இருக்கான்னு போன் பண்ணி கேட்டுட்டு போங்க, இல்லாத இடத்துல அட்மிட் ஆகி பாதி ராத்திரியில மறுபடி மாத்துறது வீண் அலைச்சல். ட்யூப் போடணும்னா வேணாம்னு சொல்லாதீங்க. அம்மாவுக்கு பழைய தழும்பு இருந்தா அத அவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்காம நீங்களே டூட்டி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கவட்டைப் பக்கம் கட்டி ஏதாவது இருந்தா பெரும்பாலான அம்மாக்கள் வெட்கப்பட்டு சொல்லவே மாட்டாங்க, வண்டியில போகும்போதே மெதுவா கேட்டுடுங்க.